பத்து லட்சத்தில் 32: அணுக்கருக் காந்த ஒத்ததிர்வின் சமிக்ஞை ஏன் மெலிந்தது

ஹைட்ரஜன் அணுவின் கரு ஒற்றைப் புரோட்டான். அதற்கு மின்னூட்டம் உண்டு. தற்சுழற்சி என்ற பண்பும் உண்டு. இவ்விரண்டும் சேர்ந்திருப்பதால் அது மிகச் சிறிய காந்தமாக நடந்துகொள்கிறது. எல்லா அணுக்கருக்களுக்கும் இப்பண்பு வாய்ப்பதில்லை. கரிமத்தின் பெரும்பகுதியான கார்பன்-12, ஆக்சிஜனின் பெரும்பகுதியான ஆக்சிஜன்-16 ஆகியவற்றின் தற்சுழற்சி சுழி. அவை காந்தப்புலத்துக்கு எந்தப் பதிலும் தருவதில்லை. புரோட்டானும் கார்பன்-13 கருவும் தற்சுழற்சி ½ உடையவை.

வெளிப்புலம் இல்லாதபோது புரோட்டானின் தற்சுழற்சி எத்திசையில் இருந்தாலும் ஆற்றல் ஒன்றுதான். புலத்துக்குள் வைத்தவுடன் அந்த ஒரே ஆற்றல் இரண்டு மட்டங்களாகப் பிரிகிறது. புலத்தோடு ஒத்த நிலை தாழ்ந்த மட்டம். புலத்துக்கு எதிரான நிலை உயர்ந்த மட்டம். இரண்டுக்கும் உள்ள இடைவெளி புலத்தின் வலிமைக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. அந்த இடைவெளிக்குச் சமமான ஆற்றலுள்ள மின்காந்த அலை மேலே விழுந்தால், தாழ்ந்த மட்டத்துக் கரு உயர்ந்த மட்டத்துக்குத் தாவும். இதுவே ஒத்ததிர்வு. புரோட்டானைப் பொறுத்தவரை ஒரு டெஸ்லா புலத்துக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ் என்பது இயற்கை விதித்த எண். பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகங்களில் பரவலாகக் காணப்படும் 9.4 டெஸ்லா காந்தத்தில் இது ஏறத்தாழ 400 மெகாஹெர்ட்ஸ் ஆகிறது. பண்பலை வானொலியின் அதிர்வெண்ணைப் போல நான்கு மடங்கு. அக்கருவியை அங்குள்ளவர்கள் காந்தத்தின் வலிமையைச் சொல்லிக் குறிப்பதில்லை. "நானூறு மெகாஹெர்ட்ஸ் கருவி" என்றே சொல்வார்கள்.

இந்த ஒரு கருவியையும், அதற்குள் ஐந்து மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் வைத்த அரை மில்லிலிட்டர் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், விஷயத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

முதலில் இடைவெளியின் அளவு. அதிர்வெண்ணைப் பிளாங்க் மாறிலியால் பெருக்கினால் ஆற்றல் கிடைக்கும்: ΔE = hν. 400 மெகாஹெர்ட்ஸுக்கு இது 2.65 × 10⁻²⁵ ஜூல். இந்த எண் தனித்து நின்றால் எதையும் உணர்த்தாது. அதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்பதே கேள்வி. அறை வெப்பநிலையில் ஒவ்வொரு மூலக்கூறும் ஓயாமல் உருண்டும் மோதியும் கொண்டிருக்கிறது. அந்த வெப்ப அசைவின் அளவுகோல் போல்ட்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கிய kT. 25 டிகிரி செல்சியஸில் அது 4.1 × 10⁻²¹ ஜூல். ஆக, தற்சுழற்சி மட்டங்களின் இடைவெளியைவிட வெப்ப ஆற்றல் பதினைந்தாயிரம் மடங்குக்கும் மேல் பெரியது.

கருக்கள் தாழ்ந்த மட்டத்தில் தங்கவே விரும்பும். ஆனால் சுற்றியுள்ள வெப்பம் அவற்றைக் கணந்தோறும் மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஏற்படும் சமநிலையைப் போல்ட்ஸ்மன் பரவல் சொல்கிறது:

n₂/n₁ = e^(−ΔE/kT)

இதில் n₁ தாழ்ந்த மட்டத்தில் உள்ளவற்றின் எண்ணிக்கை, n₂ உயர்ந்த மட்டத்தில் உள்ளவை. நம் எண்களைப் போட்டால் விகிதம் 0.999936. பத்து லட்சம் புரோட்டான்களை எடுத்துக்கொண்டால் 5,00,016 கீழே இருக்கும். 4,99,984 மேலே இருக்கும். வித்தியாசம் 32. பத்து லட்சம் வாக்குகள் பதிவான தொகுதியில் 32 வாக்கு முன்னிலையில் ஒருவர் வெற்றிபெறுவது போன்ற நிலை இது.

அந்த 32 மட்டும் ஏன் கணக்கில் வருகிறது? மீதமுள்ள லட்சக்கணக்கான கருக்களும் புலத்துக்குள்தானே இருக்கின்றன? இதற்கு விடை ஒளிக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றி ஐன்ஸ்டைன் 1916-17 ஆண்டுகளில் நிறுவிய விதியில் இருக்கிறது. அலை ஒன்று கீழ் மட்டத்துக் கருவை மேலே ஏற்றுவதற்கு எவ்வளவு வாய்ப்போ, அதே அலை மேல் மட்டத்துக் கருவைக் கீழே இறக்குவதற்கும் அதே அளவு வாய்ப்பு. ஏறும் கரு அலையிலிருந்து ஆற்றலை எடுக்கிறது. இறங்கும் கரு அதே ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கிறது. இரு மட்டங்களிலும் சம எண்ணிக்கை இருந்தால் எடுப்பும் கொடுப்பும் சரிக்குச் சரியாகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் நடந்ததாகத் தெரியாது. தெரிவது நிகர வித்தியாசம் மட்டுமே.

அகச்சிவப்பு நிறமாலையோடு ஒப்பிட்டால் இந்த வறுமையின் ஆழம் புரியும். ஒரு மூலக்கூற்றின் பிணைப்பு அதிர்வதற்கான ஆற்றல் இடைவெளி அறை வெப்பநிலையின் kT-ஐவிடப் பெரும்பாலும் பல மடங்கு பெரியது. அதனால் ஏறக்குறைய எல்லா மூலக்கூறுகளும் அடிமட்டத்திலேயே இருக்கின்றன. அத்தனையும் ஒளியை உறிஞ்சத் தயாராக நிற்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நிலைமை இன்னும் சாதகம். பச்சை ஒளியின் ஒரு ஃபோட்டான் சுமக்கும் ஆற்றல் 400 மெகாஹெர்ட்ஸ் ஃபோட்டானுடையதைப் போல ஏறத்தாழ 15 லட்சம் மடங்கு. ஒளியில் ஒற்றை ஃபோட்டானை எண்ணும் கருவிகள் உண்டு. வானொலி அலையில், அறை வெப்பநிலையில், அது இயலாது. சுற்றியுள்ள ஒவ்வொரு பொருளின் வெப்பமும் அந்த அதிர்வெண்ணில் ஏராளமான ஃபோட்டான்களை உமிழ்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக்கு இரண்டு பக்கமும் இழப்பு. பயன்படும் கருக்கள் சொற்பம். அவை ஒவ்வொன்றும் தரும் ஆற்றலும் சொற்பம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: மட்டங்களின் இடைவெளி சிறியது.

இனி அரை மில்லிலிட்டர் தண்ணீருக்குத் திரும்பலாம். அதில் ஏறத்தாழ 3.3 × 10²² புரோட்டான்கள் உள்ளன. பத்து லட்சத்துக்கு 32 என்ற விகிதத்தில் கீழ் மட்டத்து மிகுதி சுமார் 10¹⁸. விகிதம் அற்பமானாலும் தண்ணீரில் மொத்த எண்ணிக்கை பெரிது. அதனால்தான் இந்த முறை வேலை செய்கிறது. இந்த மிகுதிக் கருக்களின் காந்தத் திருப்புத்திறன்களைக் கூட்டினால், தண்ணீர் முழுவதற்குமான நிகர காந்தமாக்கம் கிடைக்கும். அது உண்டாக்கும் புலம் 4 × 10⁻⁸ டெஸ்லாவுக்குச் சற்றுக் குறைவு. பூமியின் காந்தப்புலத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. எல்லாப் புரோட்டான்களும் ஒரே திசையில் நின்றிருந்தால் இதைப்போல முப்பதாயிரம் மடங்கு கிடைத்திருக்கும்.

பாடநூல்களில் தற்சுழற்சிகளை இரண்டு கூம்புகளின்மேல் அடுக்கிய அம்புகளாக வரைவது வழக்கம்: மேல் கூம்பில் சற்றுக் கூடுதல், கீழ்க் கூம்பில் சற்றுக் குறைவு. எண்ணிக்கையை விளக்க அந்தப் படம் உதவும். ஆனால் ஒவ்வொரு கருவும் மேல் அல்லது கீழ் என்ற இரண்டில் ஒன்றிலேயே நிற்கிறது என்ற எண்ணத்தையும் அது விதைத்துவிடுகிறது, அது தவறு. தண்ணீருக்குள் தற்சுழற்சிகள் எல்லாத் திசைகளையும் நோக்கிச் சிதறியிருக்கின்றன. புலத்தின் திசையை நோக்கி மிக மெல்லிய சாய்வு அந்தச் சிதறலில் இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு மட்டங்களின் எண்ணிக்கை வித்தியாசம் என்று கணக்கில் வருவது இந்தச் சாய்வே.

இவ்வளவு சிறிய காந்தமாக்கத்தை நேரடியாக அளப்பது எளிதன்று. காரணம் அதன் சிறுமை மட்டுமில்லை. தண்ணீரில் எலக்ட்ரான்களும் இருக்கின்றன. அவற்றால் தண்ணீர் டயா காந்தப் பொருளாகிறது. 9.4 டெஸ்லா புலத்தில் எலக்ட்ரான்கள் உண்டாக்கும் எதிர்த்திசைக் காந்தமாக்கம், கருக்களுடையதைப் போல இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். அசையாமல் நிற்கும் நிலையில் இரண்டையும் பிரித்தறிவது பெரும்பாடு. 1930களில் கார்கிவ் நகரில் லாசரெவ், ஷுப்னிகோவ் இருவரும் திண்ம ஹைட்ரஜனை 2 கெல்வின் அளவுக்குக் குளிர்வித்துத்தான் கருக்களின் நிலைக்காந்தமாக்கத்தைப் பிரித்துக் காட்ட முடிந்தது. வெப்பநிலையைக் குறைத்தால் கருக்களின் பங்கு கூடும். டயா காந்தப் பங்கோ மாறாது. அந்த வேற்றுமையை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஒத்ததிர்வு முறை வேறு வழியில் தப்பிக்கிறது. சரியான அதிர்வெண்ணில், சரியான கால அளவுக்கு வானொலித் துடிப்பு ஒன்றைக் கொடுத்தால் நிகர காந்தமாக்கம் புலத்தின் திசையிலிருந்து 90 டிகிரி சாய்கிறது. சாய்ந்தபின் அது அப்படியே நிற்பதில்லை. புலத்தின் அச்சை நொடிக்கு 40 கோடி முறை சுற்றிவருகிறது. எலக்ட்ரான்களின் டயா காந்தமாக்கம் அந்த வேகத்தில் சுழலாது. ஆகவே குழாயைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில் 400 மெகாஹெர்ட்ஸ் மின்னழுத்தம் எழுந்தால், அது கருக்களிடமிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். இது ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல், வேறொன்றுமில்லை.

அந்த மின்னழுத்தத்தின் அளவை மூன்று பொருள்கள் தீர்மானிக்கின்றன. மட்டங்களின் எண்ணிக்கை வித்தியாசம் ஒன்று. ஒவ்வொரு கருவின் காந்தத் திருப்புத்திறன் இரண்டு. சுழற்சியின் அதிர்வெண் மூன்று. ஏனெனில் வேகமாக மாறும் காந்தப்பாயமே பெரிய மின்னழுத்தத்தைத் தூண்டும். புலத்தை இருமடங்காக்கினால் முதலாவதும் மூன்றாவதும் இருமடங்காகும். சமிக்ஞை நான்கு மடங்காகும். அதோடு இரைச்சலும் சற்றுக் கூடுவதால், உண்மையான ஆதாயம் நான்கு மடங்குக்குக் குறைவாகவே கிடைக்கும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது? சுருளின் கம்பியிலுள்ள எலக்ட்ரான்களும் வெப்பத்தால் அசைகின்றன. அந்த அசைவு சுருளின் முனைகளில் ஒழுங்கற்ற சிறு மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. மின்தடை கூடினாலும் வெப்பநிலை கூடினாலும் அது கூடும். சமிக்ஞை மெலிந்தது என்று சொல்வதெல்லாம் இந்த இரைச்சலோடு ஒப்பிட்டுத்தான். தூய தண்ணீரைப் பொறுத்தவரை இரைச்சல் ஒரு பொருட்டே அல்ல. ஒரே துடிப்பில் கருவியின் அளவீட்டு எல்லையையே தாண்டும் அளவுக்குச் சமிக்ஞை வரும். ஆனால் யாரும் தூய தண்ணீரைப் பற்றி அறிய இந்தக் கருவியை வாங்குவதில்லை. ஒரு புரதம் லிட்டருக்கு ஒரு மில்லிமோல் செறிவில் கரைந்திருக்கிறது என்று கொள்வோம். அதன் குறிப்பிட்ட ஒரு புரோட்டான் தரும் சமிக்ஞை, அதைச் சூழ்ந்த தண்ணீர் தருவதில் ஒரு லட்சத்துப் பதினோராயிரத்தில் ஒரு பங்கு. குழாய்க்குள் அந்தப் புரோட்டானின் மொத்த எண்ணிக்கை 3 × 10¹⁷. அதில் சமிக்ஞைக்கு உதவும் மிகுதி 10¹³. வறுமை கண்ணுக்குத் தெரிய வருவது இங்கேதான். தண்ணீரின் பெருங்குரலை அடக்கினாலொழியப் புரதத்தின் குரல் கேட்காது என்பதால், தண்ணீரின் சமிக்ஞையை மட்டும் அழிக்கும் துடிப்பு வரிசைகள் தனியே வகுக்கப்பட்டிருக்கின்றன.

இதுவரை சொன்னது சமநிலை எட்டப்பட்ட பின் உள்ள கதை. அந்தச் சமநிலை எப்படி வருகிறது என்பது இன்னும் முக்கியம். இத்துறையின் தொடக்க காலத் தோல்விகள் சில அங்கேதான் நிகழ்ந்தன.

காந்தப்புலத்துக்குள் பொருளை வைத்த கணத்தில் இரு மட்டங்களிலும் சம எண்ணிக்கையே இருக்கும். சில கருக்கள் மேலிருந்து கீழே இறங்கினால்தான் வித்தியாசம் உருவாகும். இறங்கும் கரு தன் ஆற்றலை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். தானாகவே ஒரு ஃபோட்டானை உமிழ்ந்து இறங்குவது இந்த அதிர்வெண்களில் நடைமுறையில் நிகழாத காரியம். மனித வாழ்நாள் என்ன, அண்டத்தின் வயதே போதாது. இருக்கும் ஒரே வழி, அண்டையிலுள்ள காந்தத் துணுக்குகளின் அசைவு. தண்ணீரில் ஒரு மூலக்கூறு உருளும்போது, அதிலுள்ள ஒரு புரோட்டான் மற்றதன்மேல் செலுத்தும் சிறு புலம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் ஒத்ததிர்வு அதிர்வெண்ணுக்குச் சமமான பகுதி இருந்தால் அது கருவைத் தாவச் செய்யும். ஆற்றல் மூலக்கூற்றின் அசைவில் கலந்துவிடும். இதற்கு ஆகும் காலத்தைத் தளர்வு நேரம் என்பார்கள். T₁ என்று குறிப்பார்கள். அறை வெப்பநிலையில் தூய தண்ணீருக்கு இது மூன்று நொடி அளவு. மூலக்கூறுகள் உருளாத தூய படிகங்களில் மணிக்கணக்கிலும் நீளலாம்.

நெதர்லாந்தின் கோர்ட்டர் இந்த மதிலில்தான் மோதினார். 1936-இல் லித்தியம் ஃபுளோரைடு, படிகாரம் ஆகிய படிகங்களில் கருக்களின் ஒத்ததிர்வைத் தேடினார், கிடைக்கவில்லை. 1942-இல் மீண்டும் லித்தியம் குளோரைடிலும் பொட்டாசியம் ஃபுளோரைடிலும் முயன்றார், அப்போதும் தோல்வி. கோட்பாடு சரியாகவே இருந்தது. அவர் எடுத்த படிகங்கள் மிகத் தூயவை. ஆகவே தளர்வு நேரம் மிக நீண்டது. வானொலி அலை கருக்களை மேலே ஏற்ற ஏற்ற, கீழே இறங்க வழியின்றி இரு மட்டங்களும் விரைவில் சமமாகிவிட்டன. இதற்குத் தெவிட்டுநிலை என்று பெயர். தெவிட்டிய பொருள் அலையை உறிஞ்சாது. மெலிந்த சமிக்ஞையைப் பெரிதாக்க வேண்டும் என்று அலையின் வலிமையைக் கூட்டினால் உள்ள சமிக்ஞையும் போய்விடும். இயல்பாகத் தோன்றும் முயற்சியே எதிர்விளைவைத் தரும் இடம் இது.

1945 டிசம்பரில் ஹார்வர்டில் பர்செல், டோரி, பவுண்ட் மூவரும் இந்த அபாயத்தை நன்கு அறிந்தே இறங்கினார்கள். அவர்கள் எடுத்தது பாரஃபின் மெழுகு. 850 கன சென்டிமீட்டர். இன்றைய அரை மில்லிலிட்டரோடு ஒப்பிட்டால் அந்த அளவே அவர்களுடைய கவலையைச் சொல்லும். புலம் ஏறத்தாழ 0.7 டெஸ்லா, அதிர்வெண் 30 மெகாஹெர்ட்ஸ். தளர்வு நேரம் மணிக்கணக்காக இருக்கலாம் என்று அஞ்சி, வித்தியாசம் உருவாகட்டும் என மெழுகை நெடுநேரம் காந்தத்துக்குள்ளேயே விட்டுவைத்தார்கள். வானொலி அலையின் வலிமையையும் மிகத் தாழ்வாக வைத்தார்கள். முதல் முயற்சியில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துக் காந்தத்தின் மின்னோட்டத்தைக் கணித்த அளவைவிட உயர்த்தித் தேடியபோது உறிஞ்சல் பதிவானது. பாரஃபினின் தளர்வு நேரம் அவர்கள் அஞ்சியதைவிட மிக மிகக் குறுகியது என்பதும் பின்னர் தெரிந்தது.

அதே நாள்களில் ஸ்டான்ஃபோர்டில் பிளாக், ஹான்சன், பக்கார்டு ஆகியோர் தண்ணீரில் ஒத்ததிர்வைக் கண்டார்கள். தளர்வு நேரத்தைக் குறைக்க பிளாக் ஓர் உத்தி செய்தார்: தண்ணீரில் ஃபெரிக் நைட்ரேட் கரைத்தார். இரும்பு அயனியிலுள்ள இணைசேரா எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறன் புரோட்டானுடையதைப் போல பல நூறு மடங்கு பெரிது. அருகில் வரும் புரோட்டான்களை அது வேகமாகச் சமநிலைக்குக் கொண்டுவந்துவிடும். பிளாக்கும் பர்செலும் 1952-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

தெவிட்டுநிலை பற்றிய ஓர் அழகிய சோதனை நம் அருகிலேயே நடந்தது. பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஜி. சூர்யன், ஓடும் திரவத்தில் ஒத்ததிர்வை ஆராய்ந்து 1951-இல் வெளியிட்டார். நிற்கும் திரவத்தில் தெவிட்டுநிலையால் மங்கிப்போன சமிக்ஞை, திரவத்தை ஓடவிட்டதும் உயர்ந்தது. தெவிட்டிய கருக்கள் சுருளைவிட்டு வெளியேற, புலத்தில் ஏற்கெனவே சமநிலை பெற்ற புதிய கருக்கள் உள்ளே வருவதே காரணம். இரத்த ஓட்டத்தைக் காந்த ஒத்ததிர்வால் அளக்கும் இன்றைய முறைகள் சிலவற்றின் அடிப்படையில் இதே விளைவு இருக்கிறது. இந்த வேலைக்கு நம்மிடையே கிடைத்திருக்கும் கவனம் போதாது.

இன்றைய துடிப்பு முறையில் தெவிட்டுநிலை வேறு உருவில் வருகிறது. 90 டிகிரித் துடிப்பு ஒன்று முடிந்ததும் இரு மட்டங்களின் எண்ணிக்கை சமமாகிவிடும். சாய்ந்த காந்தமாக்கம் சுழன்று சமிக்ஞை தருகிறது; ஆனால் அடுத்த துடிப்புக்கு வேண்டிய வித்தியாசம் கையில் இல்லை. T₁ அளவு காத்திருந்தால் 63 விழுக்காடு மீளும். அதைப்போல ஐந்து மடங்கு காத்திருந்தால் 99 விழுக்காட்டுக்கு மேல் மீளும். மெலிந்த சமிக்ஞையைப் பல முறை பதிவுசெய்து கூட்டும்போது, பதிவுகளின் எண்ணிக்கையின் இருபடி மூலத்துக்கேற்பத்தான் தெளிவு கூடுகிறது. தெளிவு இருமடங்காக நான்கு மடங்கு நேரம் வேண்டும்; பத்து மடங்காக நூறு மடங்கு. இதனால் அவசரப்பட்டுத் துடிப்புகளை நெருக்கமாகக் கொடுக்கும் ஆசை எழுகிறது. பிழை நுழைவது அங்கே.

கார்பன்-13 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு மூலக்கூற்றில் ஹைட்ரஜன்கள் இணைந்த CH₂ கரிமம் ஒன்றும், ஹைட்ரஜன் எதுவும் இணையாத கார்போனைல் கரிமம் ஒன்றும் இருக்கின்றன. முதலாவதன் T₁ ஒரு நொடி. இரண்டாவதன் T₁ 30 நொடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நொடிக்கு ஒரு 90 டிகிரித் துடிப்பு கொடுத்தால் முதலாவது ஒவ்வொரு முறையும் 86 விழுக்காடு மீண்டு நிற்கும். இரண்டாவது 6 விழுக்காடு மட்டுமே மீண்டிருக்கும். மூலக்கூற்றில் இரண்டும் ஒன்றுக்கு ஒன்று. நிறமாலையிலோ பதின்மூன்றுக்கு ஒன்று. உச்சிகளின் பரப்பை நம்பி அணுக்களை எண்ணுபவர் கார்போனைலே இல்லை என்றுகூட முடிவுகட்டிவிடலாம். ஹைட்ரஜன்களை வானொலி அலையால் தொடர்ந்து தாக்கும் வழக்கத்தால் CH₂ உச்சி மேலும் பெருத்துத் தோன்றுவது தனிச் சிக்கல். பிழையைக் கண்டுபிடிக்க வழி எளிது: துடிப்புகளின் இடைவெளியைப் பலமடங்கு நீட்டி மறுபடி பதிவுசெய்ய வேண்டும். மற்றவை மாறாதிருக்க ஓர் உச்சி மட்டும் வளர்ந்தால், அது முன்பு தெவிட்டிக் கிடந்தது என்று பொருள். அவ்வளவு நேரம் இல்லாதவர்கள் குரோமியம் அசிட்டைல்அசிட்டோனேட்டைச் சிறிது கரைத்து எல்லாக் கரிமங்களின் T₁-ஐயும் குறைத்துவிடுகிறார்கள். 1946-இல் பிளாக் ஃபெரிக் நைட்ரேட்டால் செய்ததும் இதுவே.

கார்பன்-13 இவ்வளவு பொறுமையைக் கேட்பதற்கும் கணக்கு உண்டு. அதன் ஒத்ததிர்வு அதிர்வெண் புரோட்டானுடையதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, 9.4 டெஸ்லாவில் 100.6 மெகாஹெர்ட்ஸ். எண்ணிக்கை வித்தியாசம், திருப்புத்திறன், சுழலும் வேகம் ஆகிய மூன்றிலும் இந்தக் கால்பங்கு வந்து பெருகுவதால், கரு ஒன்றுக்குச் சமிக்ஞை அறுபதில் ஒரு பங்குக்கு இறங்குகிறது. மேலும் இயற்கைக் கரிமத்தில் கார்பன்-13 நூற்றுக்கு 1.1 மட்டுமே. இரண்டையும் சேர்த்தால் புரோட்டானைவிட ஏறத்தாழ ஆறாயிரம் மடங்கு மெலிவு. இரைச்சலைச் சமமாகக் கொண்டு, ஒரே துடிப்பில் புரோட்டான் தரும் தெளிவைக் கூட்டல் முறையால் மட்டுமே எட்ட நினைத்தால் மூன்றரைக் கோடிப் பதிவுகள் வேண்டும். இரண்டு நொடிக்கு ஒன்று என்றால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல். வேதியியலர் யாரும் அப்படிச் செய்வதில்லை. கரைசலைச் செறிவாக்கி, குறைந்த தெளிவை ஏற்றுக்கொண்டு, ஓரிரவில் முடித்துக்கொள்கிறார்கள்.

மருத்துவமனைக் கருவி புரோட்டானையே நம்பியிருப்பதற்கும் இதுவே காரணம். 1.5 டெஸ்லா காந்தத்தில், உடல் வெப்பநிலையில், பத்து லட்சத்துக்கு மிகுதி 5 மட்டுமே. ஆயினும் ஒரு கன மில்லிமீட்டர் தண்ணீரில் 6.7 × 10¹⁹ புரோட்டான்கள் இருப்பதால் மிகுதி 3 × 10¹⁴ அளவுக்கு வருகிறது. படத்தின் ஒரு புள்ளியை வரைய இது போதும். அதைவிட நுண்ணிய புள்ளிகள் வேண்டுமென்றால் சிக்கல் தொடங்கும். புள்ளியின் பக்கத்தைப் பாதியாக்கினால் கன அளவு எட்டில் ஒரு பங்காகும். இழந்த தெளிவைக் கூட்டலால் மீட்க 64 மடங்கு நேரம் நோயாளி அசையாமல் படுத்திருக்க வேண்டும். இங்கே இரைச்சலின் பெரும்பகுதி சுருளிலிருந்து வருவதில்லை. மின்சாரத்தைக் கடத்தும் உடலிலிருந்தே வருகிறது. ஆகவே சுருளை மட்டும் மேம்படுத்தி அதிகம் பெற முடியாது.

ஆய்வகக் குழாயில் சுருளை மேம்படுத்த இடம் இருக்கிறது. சுருளையும் முதற்பெருக்கியையும் 20 கெல்வின் அளவுக்குக் குளிர்வித்து, கரைசலை மட்டும் அறை வெப்பநிலையில் வைக்கும் அமைப்புகள் தெளிவை மூன்று நான்கு மடங்கு உயர்த்துகின்றன. நேரக் கணக்கில் இது பத்து மடங்குக்கு மேற்பட்ட சேமிப்பு. உப்பு மிகுந்த கரைசலில் ஆதாயம் குறைந்துவிடும். அங்கே கரைசலே இரைச்சலின் ஊற்றாகிவிடுகிறது. இந்த முறை கருக்களின் எண்ணிக்கை வித்தியாசத்தைத் தொடுவதே இல்லை, இரைச்சலை மட்டுமே குறைக்கிறது.

வித்தியாசத்தையே கூட்ட வேண்டுமானால் புலத்தை உயர்த்தலாம் அல்லது பொருளைக் குளிர்விக்கலாம். புலத்தில் மனிதன் எட்டியிருப்பது அதிகமில்லை. 2020-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸில் நிறுவப்பட்ட 28.2 டெஸ்லா கருவியில்கூட, அறை வெப்பநிலையில், பத்து லட்சத்துக்கு மிகுதி 97 மட்டுமே. குளிர்வித்தலில், 9.4 டெஸ்லாவில் புரோட்டானின் இடைவெளி kT-க்குச் சமமாக வேண்டுமானால் 0.02 கெல்வினுக்குக் கீழே இறங்க வேண்டும். கரைசல் என்ற ஒன்று அங்கே கிடையாது.

எலக்ட்ரானிடமிருந்து கடன் வாங்குவது மூன்றாவது வழி. எலக்ட்ரானின் திருப்புத்திறன் புரோட்டானுடையதைப் போல 658 மடங்கு. 3.35 டெஸ்லா புலத்தில் 1.2 கெல்வினில் இணைசேரா எலக்ட்ரான்களின் சாய்வு 95 விழுக்காட்டை எட்டிவிடும். நுண்ணலையைச் செலுத்தி அந்தச் சாய்வின் ஒரு பங்கை அருகிலுள்ள கருக்களுக்கு மாற்றலாம் என்ற கருத்தின் வேர் 1953-இல் ஓவர்ஹவுசர் முன்வைத்த கணிப்பில் இருக்கிறது. உலோகத்தில் அது நடக்கும் என்று அவர் சொன்னதை கார்வரும் ஸ்லிக்டரும் அதே ஆண்டு லித்தியத்தில் நிரூபித்தார்கள். 2003-இல் ஆர்டென்கேர்-லார்சனும் உடன் உழைத்தவர்களும் உறைந்த மாதிரியில் இப்படிச் சாய்வை ஏற்றி, பின் வெந்நீர் போன்ற சூடான கரைப்பானால் நொடிகளில் கரைத்து, திரவ நிலையில் பத்தாயிரம் மடங்குக்கு மேற்பட்ட ஆதாயத்தைக் காட்டினார்கள். கார்பன்-13 அடையாளமிட்ட பைருவேட்டை இவ்வாறு தயாரித்து, 2013-இல் வெளியான ஆய்வில் புரோஸ்டேட் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்திப் படம் எடுத்தார்கள். இம்முறையின் எல்லையும் T₁-தான். பைருவேட்டின் அடையாளமிட்ட கரிமத்துக்கு அது ஏறத்தாழ ஒரு நிமிடம்; கரைத்தது முதல் ஊசி போட்டுப் படம் எடுத்து முடிப்பதுவரை எல்லாமே இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் நடந்தாக வேண்டும். அதன்பின் அந்தக் கருக்கள் அறை வெப்பநிலைக்குரிய சொற்ப வித்தியாசத்துக்கே திரும்பிவிடும். உடலுக்குள் அவற்றை மறுபடி ஏற்ற வழி இல்லை.